வந்து போகும் புண், வந்து தங்கும் புண்

உதட்டின் உள்பக்கம் மிளகளவு ஒரு புண் வந்தால் போதும், அன்றைக்கு ரசம் சாதம்கூட இறங்காது. பேசினால் எரியும், பல் துலக்கினால் எரியும், சும்மா இருந்தாலும் நாக்கு அங்கேயே போய்த் தடவிக்கொண்டிருக்கும். துடித்துப்போய் வருகிற அந்த ஆளைப் பல் மருத்துவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பத்து நாளில் ஆறிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அடுத்து நாற்காலியில் உட்காருபவருக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு புண். அவருக்கு வலியே இல்லை. பல்லைச் சுத்தம் செய்ய வந்த இடத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. ஆனால் மருத்துவர் அதை விடுவதாக இல்லை. கையுறை விரலால் அழுத்திப் பார்க்கிறார், கழுத்தைத் தடவிப் பார்க்கிறார், எத்தனை நாளாக இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்கிறார்.

வலிக்கிற புண்ணுக்கு அலட்சியம், வலிக்காத புண்ணுக்கு இவ்வளவு அக்கறையா என்று தோன்றும். உடம்பில் வேறெங்கும் நாம் வலியை வைத்துத்தான் ஆபத்தை அளக்கிறோம். வாய்ப்புண் விஷயத்தில் அந்த அளவுகோல் ஏன் உதவுவதில்லை? அதற்குப் பதில் மருத்துவர் எதை வைத்து அளக்கிறார்?

மூடிக்கொள்ளும் சவ்வு

வாயின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் ஈரமான மெல்லிய உறைக்குச் சளிச்சவ்வு என்று பெயர். அதன் மேற்பகுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செல்களால் ஆனது. இதை மேற்புறத் திசு என்று சொல்வோம். அடியில் இருக்கும் செல்கள்தான் பிரிந்து பெருகும். புதிதாகப் பிறந்த செல் மெல்ல மேலே தள்ளப்பட்டு, கடைசியில் உதிர்ந்து உமிழ்நீரோடு போய்விடும். கன்னத்தின் உள்பக்கத்தில் இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது. வெளித்தோலுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் தேவை. சூட்டையும் முறுக்கையும் மீன் முள்ளையும் தினமும் தாங்க வேண்டிய இடம் என்பதால் வாய்க்குள் புதுப்பிக்கும் வேலை வேகமாக நடக்கிறது.

மேற்புறத் திசு முழுத் தடிமனுக்கும் பெயர்ந்து, அடியிலுள்ள இணைப்புத் திசு திறந்துகொள்ளும்போது அதைப் புண் என்கிறோம். நரம்பு முனைகள் போர்வை இல்லாமல் வெளியே தெரிவதால் புளியும் காரமும் நேரே அவற்றைத் தொடுகின்றன. புண்ணின் நடுவில் தெரியும் மஞ்சள் கலந்த வெண்படலத்தைப் பலரும் சீழ் என்று நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் ஃபைப்ரின் என்ற உறைபுரதம், புண்ணின் மேல் உடம்பே போட்டுக்கொண்ட தற்காலிகக் கட்டு. அதைச் சுரண்டி எடுத்தால் ஆறுவது தாமதமாகும்.

புண் எப்படி ஆறுகிறது? பாசி படர்ந்த குளத்தில் ஒரு கல்லை எறிந்தால் பாசி விலகித் தண்ணீர் தெரியும். சற்று நேரத்தில் ஓரத்துப் பாசி நகர்ந்து வந்து இடைவெளியை மூடிவிடும். வாய்ப்புண்ணும் அப்படித்தான். சுற்றிலும் நல்ல நிலையில் உள்ள மேற்புறத் திசுவின் செல்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஊர்ந்து வருகின்றன, பின்னாலேயே புதிய செல்கள் பிறந்து ஆள்பலம் சேர்க்கின்றன. சாதாரணப் புண் இரண்டு வாரத்துக்குள் மூடிவிடுவது இதனால்தான்.

ஒரு புண் மூடவில்லை என்றால் மூன்று காரணங்களை யோசிக்கலாம். யாரோ ஒருவர் அதே இடத்தில் தொடர்ந்து கல்லெறிந்துகொண்டிருக்கலாம். பாசி பெருகும் வேகம் குறைந்துபோயிருக்கலாம். அல்லது ஓரத்தில் இருப்பது பழைய பாசியே அல்லாமல், வேறு ஏதோ ஒன்றாக மாறியிருக்கலாம். கூர்மையான பல், வைட்டமின் குறைவு, புற்றுநோய் ஆகிய மூன்றும் இந்த மூன்று இடங்களில் உட்காருகின்றன.

அடிக்கடி வரும் புண் ஏன் பெரும்பாலும் சாது?

மாதம் ஒரு முறை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று வந்து போகும் வாய்ப்புண்ணுக்கு மருத்துவத்தில் ஆப்தஸ் புண் என்று பெயர். ஐந்து பேரில் ஒருவருக்காவது வாழ்நாளில் இது வந்துபோகிறது. பெரும்பாலும் சிறுவயதிலோ வளரிளம் பருவத்திலோ தொடங்கி, நாற்பதை நெருங்கும்போது குறைந்துவிடும். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது.

இங்கே கல்லெறிவது வெளியாள் அல்ல. புண் திறப்பதற்கு ஒரு நாள் முன்பே அந்த இடம் குறுகுறுக்கும், லேசாகச் சிவக்கும். அந்த நிலையில் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்கள் மேற்புறத் திசுவுக்குள் புகுந்து அதன் செல்களையே தாக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. கிருமியைத் தேடி வந்த படை இல்லை இது. சொந்த வீட்டிலேயே கை வைக்கும் படை. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் ஸ்டீராய்டு களிம்பு வலியையும் ஆறும் நாட்களையும் குறைப்பதும் இந்த விளக்கத்தோடு பொருந்துகிறது. கன்னத்தைக் கடித்துக்கொள்வது, மன அழுத்தம், சிலருக்கு மாதவிடாய்க் காலம், சிலருக்குப் பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் போன்றவை தூண்டுதலாக அமைகின்றன. "வயிற்றில் சூடு, அதனால் வாயில் புண்" என்று வீட்டில் சொல்வதற்குப் பொதுவான ஆதாரம் கிடையாது. நீண்ட நாள் பேதியும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் மட்டும் குடல் நோயைத் தேட வேண்டும்.

ஆப்தஸ் புண்ணுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக, வட்டமாக அல்லது நீள்வட்டமாக, சிவந்த வளையத்தோடு இருக்கும். ஏழு முதல் பதினான்கு நாளில் தழும்பில்லாமல் ஆறிவிடும். மூன்றாவது அடையாளம் இடம். உதட்டின் உள்பக்கம், கன்னம், நாக்கின் அடிப்பக்கம், வாயின் தரை போன்ற மென்மையான பகுதிகளில்தான் இது வரும். மேலண்ணத்தின் கெட்டியான முன்பகுதியிலும் பல்லை ஒட்டி இறுகிய ஈறிலும் அநேகமாக வருவதில்லை. அந்த இடங்களில் கெரட்டின் என்ற கெட்டிப் புரதம் மேலே படிந்து கவசமாக நிற்கிறது. நகமும் முடியும் ஆவது இதே வகைப் புரதத்தால்தான்.

இந்தக் கவசத்தால் ஒரு விசித்திரம் நடக்கிறது. புகைபிடிப்பவர்களுக்கு ஆப்தஸ் புண் குறைவாகவே வருகிறது. புகை வாயின் சவ்வைத் தடிக்கச் செய்து கெரட்டினைக் கூட்டுவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பழக்கத்தை விட்டவர்களில் சிலருக்கு முதல் சில வாரங்களில் புண் வரிசையாக வரும். "சிகரெட்டை விட்டதும் வாய் வெந்துபோச்சு" என்று அவர்கள் மறுபடி பற்ற வைப்பதும் உண்டு. அந்தப் புண் தானாகத் தணிந்துவிடும். இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். பல வருடமாகப் புகைக்கிற ஒருவருக்கு, இதுவரை வாய்ப்புண்ணே அறியாதவருக்கு, நாற்பத்தைந்து வயதில் முதன்முறையாக ஒரு புண் வந்து நின்றால் அதை ஆப்தஸ் என்று எளிதில் ஒதுக்க முடியாது.

ஆக, பத்து வருடமாக வந்து வந்து போகும் புண் என்பது கேட்கப் பயமாக இருந்தாலும் உள்ளபடி ஓர் ஆறுதலான வரலாறு. ஒவ்வொரு முறையும் முழுதாக மூடியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்திருக்கிறது. மூடும் வேலையைச் செய்யும் செல்கள் சரியாக இருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் "எனக்கு அடிக்கடி வரும்" என்பவர் கூடுதலாக ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். ஆறாமல் ஒரே இடத்தில் நிற்கும் புண் அவருக்கும் வரலாம். பழக்கத்தால் அதையும் பழைய கணக்கில் சேர்த்துவிடும் ஆபத்து அவருக்குத்தான் அதிகம்.

பெருக்கம் குறையும்போது

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டிஎன்ஏவை நகலெடுக்க வேண்டும். அந்த நகலுக்கு வேண்டிய நான்கு எழுத்துகளில் தைமின் என்ற ஒன்றைத் தயாரிக்க ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12உம் கைகோக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேகமாகப் பிரியும் செல்கள்தான் முதலில் திணறும். எலும்பு மஜ்ஜையும் வாயின் மேற்புறத் திசுவும் அந்தப் பட்டியலில் முன்னால் நிற்கின்றன. மேற்புறத் திசு மெலிகிறது, நாக்கு வழவழவென்று சிவந்துபோகிறது, சின்ன உரசலுக்கும் புண் திறக்கிறது. இரும்புச்சத்துக் குறைவும் இதே போலச் சவ்வை மெலிய வைக்கும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இரத்தம் காட்டிக்கொடுக்கும். டிஎன்ஏ நகல் தாமதமாகும்போது சிவப்பணுவாக வேண்டிய செல் பிரியாமலே வளர்கிறது. அதனால் அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெருத்துவிடுகின்றன. சாதாரண இரத்தப் பரிசோதனை அறிக்கையில் எம்சிவி என்ற வரி இந்தச் சராசரி அளவைத்தான் சொல்கிறது. 100க்கு மேல் போனால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். இரும்பு குறைந்தால் இதற்கு நேர்மாறாக அணு சிறுத்துவிடும். இரண்டும் சேர்ந்து குறைந்தவருக்குப் பெரிதும் சிறிதும் கலந்து சராசரி இயல்பாகவே தெரியும். நம் ஊரில் இது அரிதான நிலை அல்ல. அதனால்தான் அடிக்கடி புண் வருபவருக்கு எம்சிவியோடு நிறுத்தாமல் பி12, ஃபோலேட், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

பி12 விலங்கு உணவிலிருந்துதான் கிடைக்கிறது. பாலும் தயிரும் குறைவாகச் சேர்க்கும் சைவ உணவினர், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்கள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்குபவர்கள், இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் ஆகியோருக்குக் குறைய வாய்ப்பு அதிகம். கல்லீரல் சில வருடங்களுக்கான பி12ஐச் சேமித்து வைப்பதால் குறைவு வெளியே தெரியத் தாமதமாகும்.

அப்படியானால் வாய்ப்புண் வந்ததும் மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போடும் பழக்கம் சரிதானா? இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2009இல் இஸ்ரேலிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், அடிக்கடி ஆப்தஸ் புண் வரும் 58 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் 1000 மைக்ரோகிராம் பி12, மற்றதற்கு வெற்று மாத்திரை. ஆறாவது மாதத்தில் பி12 எடுத்தவர்களில் 74 சதவீதம் பேர் புண் இல்லாமல் இருந்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் 32 சதவீதம். 2012இல் அமெரிக்காவிலிருந்து வந்த இன்னோர் ஆய்வில் 160 பேரில் ஒரு குழுவினர் ஒரு வருடம் பல வைட்டமின்கள் கலந்த மாத்திரையை அன்றாடத் தேவையின் அளவில் எடுத்தார்கள், மற்றவர்கள் வெற்று மாத்திரை. புண்ணின் எண்ணிக்கையில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

இந்த இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. பி12இன் அன்றாடத் தேவை ஏறக்குறைய 2.4 மைக்ரோகிராம்; முதல் ஆய்வில் கொடுத்தது அதைப்போல நானூறு மடங்கு. இரண்டாவது ஆய்வு, பொதுவாக எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வைட்டமின் கொடுப்பதால் பயனில்லை என்று காட்டுகிறது. முதல் ஆய்வின் சிக்கல், அது சிறியது. இரத்தத்தில் பி12 போதுமான அளவு இருந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது ஏன் என்பதை அதனால் விளக்க முடியவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களிலேயே மூன்றில் ஒருவருக்குப் புண் நின்றதையும் மறக்கக் கூடாது. இது தானாகவே ஏறி இறங்கும் நோய். ஐந்து நாள் மாத்திரை போட்டேன், புண் போய்விட்டது என்பவருக்கு மாத்திரை இல்லாமலும் அந்த ஐந்து நாளில் போயிருக்கும். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் சாப்பிட்டவருக்கும் இதே கணக்குதான், சாப்பாடு மட்டும் கூடுதல் லாபம்.

இதில் ஒரு தீமையும் ஒளிந்திருக்கிறது. பரிசோதனைக்கு முன்பே பி காம்ப்ளெக்ஸ் எடுத்தால் இரத்தத்தில் பி12 அளவு உயர்ந்து, குறைவு இருந்ததே தெரியாமல் போய்விடும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுத்தால் இரத்தசோகை சரியாகிவிடும், ஆனால் பி12 குறைவால் நரம்புக்கு நேரும் சேதம் உள்ளே தொடரும். பாதத்தில் மரத்துப்போகும் உணர்ச்சி, நடையில் தள்ளாட்டம், காரணமில்லாத சோர்வு ஆகியவை வாய்ப்புண்ணோடு சேர்ந்தால் முதலில் இரத்தம் கொடுத்துவிட்டுப் பிறகு மாத்திரையைத் தொடலாம்.

மாத்திரையே புண்ணுக்குக் காரணமாவதும் உண்டு. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறைதான் எடுக்க வேண்டும். தவறுதலாகத் தினமும் எடுத்தவருக்கு முதலில் வெளிப்படும் அபாய அறிகுறிகளில் ஒன்று வாய் முழுக்கப் புண். ஃபோலிக் அமிலத்தின் வேலையையே அந்த மருந்து தடுக்கிறது. நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நிகோராண்டில் சிலருக்கு ஆழமான, ஆறாத புண்ணை உண்டாக்கும். மருந்தை மாற்றினால்தான் அது மூடும். ஆகவே வாயைக் காட்டப் போகும்போது மருந்துச் சீட்டையும் கையில் எடுத்துப் போக வேண்டும். நாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

பல் செய்யும் காயம்

இப்போது ஒரே இடத்தில் கல்லெறியும் ஆளுக்கு வருவோம். விளக்குவதற்காக ஒரு தையற்காரரைக் கற்பனை செய்துகொள்ளலாம். வயது ஐம்பத்திரண்டு, இருபது வருடமாக வெற்றிலை பாக்குப் போடுகிறார். கீழ்வரிசை இடப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகிப் பாதி உடைந்து, நாக்குப் பக்கத்து முனை கூராக நிற்கிறது. அதற்கு நேர் எதிரே நாக்கின் ஓரத்தில் ஒரு புண்.

பல்லால் வரும் காயப்புண்ணுக்கும் அடையாளங்கள் உண்டு. பல்லின் கூர்முனையும் புண்ணும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கும். புண்ணின் வடிவம் உரசும் முனைக்கு ஏற்றபடி நீண்டோ கோணலாகவோ அமையும். தொடர்ந்து உரசுவதால் ஓரம் வெளுத்திருக்கும், ஆனால் அடிப்பாகம் தொட்டால் மெத்தென்று இருக்கும். பொய்ப்பல் கட்டின் விளிம்பு, உடைந்த அடைப்பு, கன்னத்துப் பக்கம் சாய்ந்து முளைத்த ஞானப்பல் ஆகியவையும் இதையே செய்யும்.

மருத்துவர் பல்லின் கூர்மையைச் சில நிமிடங்களில் தேய்த்து வழவழப்பாக்கிவிடுகிறார். வலிக்கு வாய் கொப்பளிக்கும் மருந்து தருகிறார். புண்ணை அளந்து 11 மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்கிறார். இரண்டு வாரம் கழித்துக் கட்டாயம் வர வேண்டும் என்று தேதி போட்டுத் தருகிறார். முழு விஷயத்திலும் முக்கியமான மருந்து அந்தத் தேதிதான். கல்லெறிபவரைத் தடுத்துவிட்டோம், செல்கள் நல்லவையாக இருந்தால் இரண்டு வாரத்தில் மூடியாக வேண்டும். மூடினால் காரணம் பல்தான் என்று உறுதியாகிறது. மூடாவிட்டால் பல் மட்டும் காரணமில்லை என்று பொருள். சிகிச்சையே இங்கு சோதனையாகவும் இருக்கிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. நடுவயதைத் தாண்டியவரின் வாயில் தேடினால் கூரான பல் ஏதாவது ஒன்று அநேகமாகக் கிடைத்துவிடும். நாக்கின் ஓரத்தில் ஒரு கட்டி வளர்ந்தால் அந்த இடம் புடைத்து, எதிரிலிருக்கும் பல்லில் தானே போய் உரசும். பார்ப்பவருக்குப் பல் குத்திப் புண் வந்ததாகத் தோன்றும், நடந்ததோ தலைகீழ். பல்லின் நீண்டகால உரசல் புற்றுநோய்க்குத் துணைபோகிறதா என்று பல ஆய்வுகள் கேட்டிருக்கின்றன, இரண்டும் சேர்ந்து காணப்படுவதையும் சொல்லியிருக்கின்றன. ஆனால் எது முன்னால், எது பின்னால் என்று பிரிப்பது கடினமாக இருப்பதால் புகையிலையைப் போலவோ பாக்கைப் போலவோ அதை உறுதியான காரணம் என்று சொல்ல முடியவில்லை. கூரான பல்லைச் சரிசெய்ய வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பல்லையே சாக்காக வைத்து, "இன்னும் கொஞ்சம் தேய்ப்போம், இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதுதான் தவறு.

ஓரமே மாறிப்போனால்

தையற்காரர் குறித்த தேதியில் வருகிறார். புண் மூடவில்லை, இப்போது 12 மில்லிமீட்டர். மருத்துவர் நாக்கை வலைத்துணியால் பிடித்து இழுத்து, ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் புண்ணின் இரு பக்கமும் வைத்து அழுத்துகிறார். அடியில் ஒரு பயறு பதிந்ததைப் போலக் கெட்டியாக இருக்கிறது. ஓரம் உயர்ந்து வெளிப்புறமாக மடிந்திருக்கிறது.

இந்தக் கடினமும் மடிந்த ஓரமும் எங்கிருந்து வருகின்றன? மேற்புறத் திசுவுக்கும் அதன் அடியிலுள்ள இணைப்புத் திசுவுக்கும் நடுவே அடிச்சவ்வு என்ற மெல்லிய எல்லைக்கோடு உண்டு. ஆரோக்கியமான செல் அந்தக் கோட்டைத் தாண்டாது. புற்றுநோய்ச் செல் தாண்டும். அது கீழே ஊடுருவும்போது சுற்றியுள்ள திசு நார்களைக் குவித்து இறுகுகிறது. விரலுக்குக் கெட்டியாகப் படுவது அதுதான். ஓரத்துச் செல்கள் ஊர்ந்து போய் மூடுவதற்குப் பதிலாக அங்கேயே பெருகிக் குவிவதால் ஓரம் உயர்கிறது. ஆப்தஸ் புண் போல இது ஒரே நாளில் அழற்சியோடு வெடிப்பதில்லை, மெதுவாக வளர்கிறது. ஆகவே ஆரம்பத்தில் வலி இல்லாமல் இருப்பது சகஜம். நரம்பைத் தொட்ட பிறகோ கிருமி சேர்ந்த பிறகோதான் வலி வரும். சிலருக்கு முதலிலேயே வலிப்பதும் உண்டு. ஆகையால் வலி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

விரல் சந்தேகத்தை எழுப்பும், உறுதி செய்யாது. அதற்குத் திசுப் பரிசோதனை, அதாவது பயாப்சி வேண்டும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சில மில்லிமீட்டர் அளவு திசுவை எடுத்து, ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எடுக்கும் இடம் புண்ணின் நடு அல்ல, ஓரம். நடுவில் இருப்பது இறந்த திசுவும் ஃபைப்ரினும்தான். அதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஓரத்தை எடுத்தால் நல்ல திசுவும் மாறிய திசுவும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும், செல்கள் அடிச்சவ்வைத் தாண்டியிருக்கின்றனவா என்ற கேள்விக்கு நுண்ணோக்கி நேரடியாகப் பதில் சொல்லும். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பயத்தில் பலர் இந்தக் கட்டத்தில் காணாமல் போகிறார்கள். வாய்ப்புண்ணில் பயாப்சி எடுப்பதால் நோய் முற்றிவிடும் என்பதற்கு ஆதாரமில்லை; எடுக்காமல் போன மாதங்களில் முற்றுவதுதான் கண்கூடு.

தையற்காரரின் வெற்றிலை பாக்கு இங்கே வெறும் பின்னணித் தகவல் அல்ல. புகையிலை சேர்க்காத பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. 2022ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட வாய்ப்புற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான். நம் ஊரில் அது அதிகம் வருவது நாக்கின் ஓரத்திலும், பாக்கை அடக்கி வைக்கும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளத்திலும். பாக்குப் போடுபவருக்குக் காரம் பட்டாலே வாய் எரிந்து, கன்னம் வெளுத்து விறைத்து, வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போனால் அது வேறொரு முன்னெச்சரிக்கை. புண் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பார்ப்பதால் மட்டும் பயன் உண்டா?

வாயைத் திறந்து பார்ப்பது போன்ற எளிய காரியம் உயிரைக் காக்குமா என்று கேட்கலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. 13 பகுதிகளைத் தேர்ந்து, அவற்றில் ஏழில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். மற்ற ஆறு பகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். மொத்தம் 1.9 லட்சம் பேர். கையில் இருந்தது டார்ச்சும் பயிற்சி பெற்ற கண்ணும்தான். 2005இல் முடிவு வெளியானபோது, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் ஏற்படும் மரணம், பார்க்கப்பட்ட பகுதிகளில் 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கமில்லாதவர்களிடம் அப்படிப்பட்ட தெளிவான பலன் தெரியவில்லை. யார் வாயைத் தவறாமல் பார்க்க வேண்டும் என்பதையும் இந்த ஆய்வு சொல்லிவிட்டது.

வீட்டில் செய்ய வேண்டியதும் இதன் சுருக்கம்தான். புண் தோன்றிய தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். நல்ல வெளிச்சத்தில் கைப்பேசியால் ஒரு படம் எடுத்துவையுங்கள். பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவர்கள் மாதம் ஒரு முறை கண்ணாடி முன் நின்று, கைக்குட்டையால் நாக்கைப் பிடித்து இரண்டு ஓரங்களையும், கன்னங்களை விலக்கிப் பள்ளங்களையும் பார்த்துக்கொள்ளலாம். வலிக்கு உப்பு நீர் கொப்பளிக்கலாம். கிராம்பு எண்ணெயையோ மாத்திரைத் தூளையோ புண்ணில் வைக்கக் கூடாது; அவை சவ்வைச் சுட்டு இன்னொரு புண்ணை உண்டாக்கி, பார்க்கும் மருத்துவரையும் குழப்பும்.

பதினைந்தாம் நாள் புண் முழுதாக மூடவில்லை என்றால், சிறிதாகிவிட்டது, வலி குறைந்துவிட்டது என்பவை தள்ளிப்போடக் காரணங்கள் ஆகா. பல் மருத்துவரிடமோ, அரசு பல் மருத்துவக் கல்லூரியின் வாய்நோய்ப் பிரிவிலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போக வேண்டும். அடி கெட்டியாக இருப்பது, தொட்டால் இரத்தம் கசிவது, சுற்றிலும் சிவப்போ வெள்ளையோ திட்டாகத் தெரிவது, கழுத்தில் கட்டி, உதடோ நாக்கோ மரத்துப்போவது, காரணமின்றிப் பல் ஆடுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்திருந்தால் பதினைந்து நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

போகும்போது மருத்துவர் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதிலோடு போவது நல்லது. எந்தத் தேதியில் வந்தது, இதற்கு முன் இதே இடத்தில் வந்திருக்கிறதா, முந்தையவை முழுதாக ஆறினவா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வாயில் என்ன போடும் பழக்கம். கடைசிக் கேள்விக்கு மட்டும் மனைவியோ மகனோ அருகில் இருப்பதால் பதிலை மாற்றிச் சொல்லாமல் இருந்தால் போதும். பாதிப் பரிசோதனை அங்கேயே முடிந்துவிடும்.